நண்பனுக்கு நீங்களே கேள்வித்தாள் போடுவது: எஸ்.பி.எம். கூடுதல் கணித மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

பட்டர்வொர்த்தில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்குக் கூடுதல் கணிதம் சொல்லித் தருகிறேன். டிரையலுக்கு முந்தைய மாதங்களில் என் மாணவர்களை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவருக்கு ஒருவர் கேள்வித்தாள் தயாரித்து மாற்றிக்கொள்ளச் சொல்வேன். அப்போது அவர்களும் பெற்றோர்களும் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்திருக்கிறேன். அதை முழுதாகப் பிரித்துப் பார்த்தாலே மற்றவை பிடிபடும்.

"கடையில பயிற்சிப் புத்தகம் நிறைய இருக்கு டீச்சர். நாங்களே ஏன் கேள்வி போடணும்?"

முதலில் அந்தப் புத்தகங்களைச் செய்யுங்கள். கேள்வியின் உருவம் எப்படி இருக்கும் என்று தெரியாமல் யாராலும் கேள்வி போட முடியாது. ஆனால் நாலைந்து தாள்களைச் செய்த பிறகு ஒன்று நடக்கிறது. கேள்வியின் முகத்தைப் பார்த்ததும் கை தானாக எழுத ஆரம்பித்துவிடுகிறது. "துகள்" என்று பார்த்தவுடன் தொகையிடுகிறார்கள், எல்லையைப் போடுகிறார்கள், விடையை எழுதுகிறார்கள். துகள் நடுவில் நின்று திரும்பியதா என்று பார்ப்பதே இல்லை.

அதே மாணவன் கேள்வி போட உட்கார்ந்தால், துகள் எங்கே திரும்ப வேண்டும் என்பதை அவனே முடிவு செய்தாக வேண்டும். திரும்புமிடத்தை வைத்தவனுக்கு அது மறக்காது.

"முழுத் தாள் போடணுமா? எத்தனை கேள்வி?"

முழுத் தாள் வேண்டாம். அதில் இறங்கியவர்கள் பாதியிலேயே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். 40 புள்ளிக்கு ஒரு சிறு தாள் போதும், நேரம் ஒரு மணி.

இந்தக் கணக்கு எப்படி வந்தது என்றால், தாள் 1க்கு 80 புள்ளி, 2 மணி நேரம். தாள் 2க்கு 100 புள்ளி, 2 மணி 30 நிமிடம். இரண்டிலும் ஒரு புள்ளிக்கு ஒன்றரை நிமிடம்தான். அதனால் எந்தத் தாளின் கேள்வியை எடுத்தாலும் இந்த அளவு மாறாது.

40 புள்ளியை நான் இப்படிப் பிரிக்கச் சொல்வேன்: தாள் 1இன் ஏ பிரிவு மாதிரியில் நான்கு சிறு கேள்விகள், மொத்தம் 22 புள்ளி. அதே தாளின் பி பிரிவு மாதிரியில் 8 புள்ளிக்கு ஒன்று. தாள் 2இன் சி பிரிவு மாதிரியில் 10 புள்ளிக்கு ஒன்று. சி பிரிவில் வருபவை நான்கே பாடங்கள்: முக்கோணத் தீர்வு, குறியீட்டு எண், நேரியல் திட்டமிடல், நேர்க்கோட்டு இயக்கவியல். நான்கில் இரண்டுக்கு விடை எழுத வேண்டும். பழக ஏற்ற இடம் அதுதான், ஏனென்றால் ஒரே கதைக்குள் பல சிறு கேள்விகள் வரும்.

"எது பாடத்திட்டத்துக்குள்ள இருக்கு, எது வெளியன்னு எப்படித் தெரியும்?"

கல்வி அமைச்சு வெளியிட்டிருக்கும் டி.எஸ்.கே.பி. ஆவணத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் படிவத்துக்கு 10 பாடம், ஐந்தாம் படிவத்துக்கு 8 பாடம். ஒவ்வொரு பாடத்தின் கீழும் கற்றல் தரங்கள் எண் போட்டு இருக்கும். பக்கத்தில் குறிப்புக்கென்று ஒரு கட்டம் உண்டு. "இவ்வளவுக்கு மேல் போகாதே" என்ற வரம்புகள் அங்கேதான் இருக்கின்றன. மாணவர்கள் தாண்டிப் போவதும் அந்தக் கட்டத்தைத்தான்.

போன வருடம் ஒருவன் தன் நண்பனை மடக்க v = 4 sin 2t என்று ஒரு திசைவேகம் கொடுத்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எஸ்.பி.எம். கூடுதல் கணிதத்தில் சைன், கொசைனைத் தொகையிடுவது கிடையாது. இயக்கவியலில் t², t³ போன்ற இயற்கணிதக் கோவைகள் மட்டும்தான். நண்பன் அரை மணி நேரம் திணறினான், அதனால் யாருக்கும் பயன் இல்லை. நீங்கள் போடும் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் கற்றல் தரத்தின் எண்ணைப் பென்சிலில் எழுதி வையுங்கள். எண் கிடைக்கவில்லை என்றால் கேள்வியை எடுத்துவிடுங்கள்.

"நான் போட்டா விடை கண்டபடி பின்னத்துல வருது. கேள்வியை எங்கிருந்து ஆரம்பிக்கிறது?"

விடையிலிருந்து ஆரம்பியுங்கள். இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நேர்க்கோட்டு இயக்கவியலில் ஒரு கேள்வி வேண்டும். துகள் O என்ற இடத்திலிருந்து கிளம்பி, கொஞ்ச தூரம் முன்னால் போய், நின்று, பின்னால் வந்து, மறுபடி நின்று, மறுபடி முன்னால் போக வேண்டும். எப்போது நிற்க வேண்டும்? 2ஆம் வினாடியிலும் 4ஆம் வினாடியிலும் என்று நானே வைத்துக்கொள்கிறேன். நிற்கும்போது திசைவேகம் சுழியம். அதனால் திசைவேகம் (t − 2)(t − 4) என்ற வடிவில் இருந்தாக வேண்டும். பெருக்கினால் t² − 6t + 8.

இதை அப்படியே விட்டால் தொகையிடும்போது t³க்குக் கீழே 3 வந்து உட்காரும். முதல் 4 வினாடிகளில் கடந்த மொத்தத் தூரம் 8 மீட்டர் என்று முழு எண்ணாகவே வரும். ஆனால் வழியில் 20/3, 16/3 என்று பின்னங்களைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அதைத் தவிர்க்க முழுவதையும் 3ஆல் பெருக்கிவிடுகிறேன்:

v = 3t² − 18t + 24

தொகையிட்டால் s = t³ − 9t² + 24t. துகள் O இலிருந்து கிளம்புவதால் மாறிலி சுழியம். இப்போது t = 2இல் s = 20. t = 4இல் s = 16. அதாவது துகள் 20 மீட்டர் முன்னால் போய், 4 மீட்டர் பின்னால் வந்திருக்கிறது. மொத்தத் தூரம் 24 மீட்டர். ஒரு பின்னமும் இல்லை.

நிற்கும் வினாடிகள் முழு எண்கள், முன்னால் 3, நடுவில் இரட்டைப்படை எண். இந்த மூன்றையும் பார்த்துக்கொண்டால் இருபடித் திசைவேகத்தில் பின்னம் எட்டிப் பார்க்காது. கேள்வி இப்படி முடிகிறது:

ஒரு துகள் O என்ற நிலையான இடத்திலிருந்து நேர்க்கோட்டில் நகர்கிறது. t வினாடிக்குப் பின் அதன் திசைவேகம் v = 3t² − 18t + 24 மீ/வி.
(அ) தொடக்கத் திசைவேகம் என்ன? [1]
(ஆ) மிகக் குறைந்த திசைவேகம் என்ன? [3]
(இ) துகள் கணநேரம் நிற்கும் t மதிப்புகள் எவை? [2]
(ஈ) முதல் 4 வினாடிகளில் கடந்த மொத்தத் தூரம் என்ன? [4]

பத்துப் புள்ளி, பதினைந்து நிமிடம். (இ)யைச் சரியாகச் செய்தவனுக்கு (ஈ)க்கான துப்பு கையிலேயே இருக்கிறது. அந்த வரிசையை வேண்டுமென்றே வைத்தேன். இன்னும் கடினமாக வேண்டும் என்றால் (இ)யை எடுத்துவிட்டு, அதன் 2 புள்ளியை (ஈ)யில் சேருங்கள். துகள் திரும்புகிறது என்பதை நண்பன் தானே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

"பழைய கேள்வியில எண்ணை மட்டும் மாத்தினா போதாதா?"

மேலே உள்ள 24ஐ 30 ஆக்கிப் பாருங்கள். 3t² − 18t + 30 எப்போதும் சுழியம் ஆவதில்லை, துகள் நிற்பதே இல்லை. (இ)க்கு விடையே கிடையாது. 27 ஆக்கினால் 3(t − 3)² ஆகிவிடும். துகள் 3ஆம் வினாடியில் ஒரு கணம் நின்று அதே திசையில் தொடர்ந்து போகும், திரும்பாது. இது தெரிந்தே செய்தால் அருமையான கேள்வி, தெரியாமல் செய்தால் உங்கள் விடைத்திட்டமே தப்பாகிவிடும். எண்ணை மாற்றலாம், ஆனால் மாற்றிய பிறகு கடைசி வரி வரை நீங்களே செய்து பார்க்க வேண்டும்.

"விடை மட்டும் எழுதி வச்சா போதுமா, இல்ல விடைத்திட்டமும் எழுதணுமா?"

விடைத்திட்டம் கட்டாயம். தாளை மாற்றிக்கொள்வதற்கு முன்பே எழுதி முடித்திருக்க வேண்டும். நண்பனின் விடையைப் பார்த்த பிறகு எழுதினால், அவன் எழுதியதற்கு ஏற்றபடி உங்கள் மனம் வளைந்துகொடுக்கும்.

(ஈ)க்கு 4 புள்ளி போட்டோமே, எந்தெந்த வரிக்கு? தொகையிட்டதற்கு 1. 2ஆம் வினாடியில் பாதையை இரண்டாகப் பிரித்ததற்கு 1. இரண்டு பகுதியிலும் எல்லைகளைச் சரியாகப் போட்டதற்கு 1. 24 என்ற விடைக்கு 1. இப்படி எழுதி வைத்திருந்தால், 0 முதல் 4 வரை ஒரே மூச்சில் போட்டு 16 என்று எழுதியவனுக்கு 1 புள்ளி என்பதில் சண்டையே வராது. (ஆ)வில் வகையிட்டுச் சுழியத்துக்குச் சமன் செய்ததற்கு 1, t = 3க்கு 1, −3க்கு 1.

விடைத்திட்டமே தப்பாக இருந்தால்? அதுவும் நடக்கும். (ஈ)க்கு 16 என்று எழுதி வைத்துவிட்டு, 24 எழுதிய நண்பனுக்குச் சிவப்பு மையில் தப்புப் போட்டவர்கள் உண்டு. தப்பிக்க ஒரு வழி, திசைவேக வரைபடத்தைச் சும்மா கையால் வரைந்து பார்ப்பது. 24இல் ஆரம்பித்து, 2இல் அச்சைத் தொட்டுக் கீழே இறங்கி, 3இல் −3 வரை போய், 4இல் மேலே ஏறும். அச்சுக்குக் கீழே ஒரு சின்னக் கிண்ணம் தெரிந்தால், தூரத்தை நேராகக் கூட்ட முடியாது என்று கண்ணே சொல்லிவிடும்.

"கேள்வியை எந்த மொழியில எழுதுறது? தமிழ்ல எழுதலாமா?"

சோதனைத் தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும். நீங்கள் எந்த மொழியில் விடை எழுதப் போகிறீர்களோ, அதில் கேள்வியை எழுதுங்கள். பேசிப் புரிந்துகொள்ளத் தமிழ் இருக்கட்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கூடுதல் கணிதத்தில் ஒரு சொல் விடையையே மாற்றிவிடும்.

பிறையில் ஒரு பையன், ஜெலுத்தோங்கில் அவனுடைய நண்பன். ஆறாம் ஆண்டு வரை இருவரும் ஒரே தமிழ்ப்பள்ளி, இப்போது வேறு வேறு இடைநிலைப்பள்ளி. பிறைப் பையன் போட்ட கேள்வி நாம் மேலே பார்த்தது போன்றதுதான். கடைசிப் பகுதியை மலாயில் எழுதும்போது "ஜும்லா ஜாராக்" என்று எழுதாமல், "t = 4 ஆகும்போது துகளின் ஜாராக் என்ன" என்று எழுதிவிட்டான். அவன் மனதில் இருந்தது மொத்தத் தூரம், விடைத்திட்டத்தில் 24. நண்பன் அதை O இலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று புரிந்துகொண்டு 16 எழுதினான். 4க்கு 1 புள்ளி கிடைத்ததும் கோபம் வந்துவிட்டது. இருவரும் என்னிடம் வந்தார்கள்.

கேள்வியை இரண்டு முறை படித்தேன். தப்பு விடையில் இல்லை, கேள்வியில். அப்படி எழுதினால் 16 என்று வாசிப்பதுதான் இயல்பு. முழுப் புள்ளியும் கொடுக்கச் சொன்னேன். அப்புறம் அந்த வரியை "முதல் 4 வினாடிகளில் கடந்த மொத்தத் தூரம்" என்று திருத்தி எழுதினோம். அதற்குப் பிறகு இருவரும் எந்தத் தாளைத் திறந்தாலும் "ஜும்லா" என்ற சொல்லைத் தேடி வட்டம் போடுகிறார்கள். "சேசாரான்", "ஜாராக்", "ஜும்லா ஜாராக்" மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகள். முதலாவதற்குக் குறி உண்டு, பின்னால் போனால் எதிர்மறையாகும். இரண்டாவது, எங்கிருந்து என்று சொன்னால்தான் முழுமையாகும். மூன்றாவதற்குத் திரும்புமிடம் தேவை.

"நாங்க ரெண்டு பேரும் வேற வேற இடம். எப்படி மாத்திக்கிறது?"

வாட்ஸாப் போதும். ஒரு பக்கம் பட்டர்வொர்த், மறுபக்கம் தீவு என்று இருப்பவர்களை வாராவாரம் பெர்ரி ஏறச் சொல்ல முடியாது. கேள்வித்தாளைத் தெளிவாகப் படமெடுத்து, இருவரும் பேசி வைத்த நேரத்தில் ஒரே நிமிடத்தில் அனுப்புங்கள். விடைத்திட்டத்தை அனுப்பாதீர்கள். ஒரு மணி நேரம் முடிந்ததும் விடைத்தாளின் படம் திரும்பிப் போக வேண்டும். கால்குலேட்டர் சாதாரண அறிவியல் கால்குலேட்டராக இருக்கட்டும். சோதனையில் சூத்திரப் பட்டியல் கொடுக்கிறார்கள், அதனால் அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

முடிந்தால் மாதம் ஒரு முறை நேரில் உட்காருங்கள். எதிரில் உட்கார்ந்து பார்க்கும்போது, நண்பன் எந்த வரியில் பேனாவை நிறுத்துகிறான் என்பது தெரியும். படத்தில் அது தெரியாது.

"யார் திருத்துறது?"

கேள்வி போட்டவர்தான். அவரவர் போட்ட தாளை அவரவரே திருத்த வேண்டும். திருத்தும்போதுதான் உங்கள் கேள்வி எங்கே குழப்பியது என்று தெரியும். திருத்திய தாளைத் திருப்பிக் கொடுத்த பிறகு, நண்பன் ஒரு கேள்விக்கு ஒரு முறை மறுப்புச் சொல்லலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுப்பு என்றால் "நீ கஞ்சத்தனமா திருத்துற" என்பதல்ல. விடைத்திட்டத்தின் எந்த வரி, தன் விடையின் எந்த வரி என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். இருவருக்கும் ஒத்துப் போகவில்லை என்றால் ஆசிரியரிடம் கொண்டு போங்கள். என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை கேள்வியின் வாசகத்தில்தான் போய் நிற்கும், கணக்கில் அல்ல.

"என் நண்பன் வேணும்னே ரொம்பக் கஷ்டமா போடுறான். என்ன செய்ய?"

ஒரு விதி வையுங்கள்: கேள்வி போட்டவர் தன் தாளை 40 நிமிடத்தில் தானே எழுதி முடிக்க வேண்டும், விடைத்திட்டத்தைப் பார்க்காமல், போட்டதற்கு மறுநாள். முடியவில்லை என்றால் அந்தத் தாள் ஒரு மணி நேரத் தாள் அல்ல. இந்த ஒரு விதியிலேயே பாதிக் கேள்விகள் தாமாகச் சுருங்கிவிடும்.

"என் மகன் ஒரு கேள்விய வச்சுக்கிட்டு முக்கால் மணி நேரம் உட்கார்றான். அந்த நேரத்துல நாலு கேள்வி செஞ்சிருக்கலாமே, டீச்சர்?"

உங்கள் கவலை நியாயமானதுதான், அம்மா. விடைத்திட்டத்தோடு சேர்த்து ஒரு 10 புள்ளிக் கேள்வி போட அவ்வளவு நேரம் ஆகும். அதனால்தான் இதை வாரம் ஒரு தாளுக்கு மேல் செய்ய விடுவதில்லை. எல்லாப் பாடத்துக்கும் செய்ய வேண்டியதும் இல்லை. அவர் தொடர்ந்து தவறு செய்யும் ஒரு பாடத்தை மட்டும் எடுக்கட்டும். எஸ்.பி.எம். நெருங்கும் கடைசி மூன்று வாரங்களில் நிறுத்திவிட்டு, நேரம் வைத்து முழுத் தாள்களை எழுதட்டும். அடிப்படையே தடுமாறும் பாடத்தில் இது உதவாது. தொகையிடவே வராதவர் இயக்கவியலில் கேள்வி போட முடியாது, முதலில் பயிற்சிதான் வேண்டும்.

"சரித்திரம், தமிழ்மொழிக்கும் இப்படிச் செய்யலாமா?"

சரித்திரத்துக்குச் செய்யலாம். விடைத்திட்டத்தில் ஒவ்வொரு கருத்துக்கும் பாடநூலின் பக்க எண்ணை எழுதினால் திருத்துவது எளிது. தமிழ்மொழிக் கட்டுரையை நண்பர்கள் ஒருவருக்கொருவர் புள்ளி போடுவதை நான் விரும்புவதில்லை, அதை ஆசிரியர் பார்க்கட்டும். இலக்கணப் பகுதிக்குத் தாராளமாகச் செய்யலாம்.

"திருத்தி முடிச்ச தாளை என்ன செய்றது?"

தூக்கிப் போடாதீர்கள். இருவரும் ஒரு நோட்டு வைத்து, தகராறு வந்த கேள்விகளை மட்டும் ஒட்டி வையுங்கள். பழைய வாசகம் மேலே, திருத்திய வாசகம் கீழே. மூன்று வாரம் கழித்து எண்களை மாற்றி அதே கேள்வியை நண்பனுக்கு மறுபடி கொடுங்கள். 2, 4க்குப் பதிலாக 1, 3 என்று துகளை நிறுத்தினால் v = 3t² − 12t + 9. முதல் 3 வினாடிகளில் அது 4 மீட்டர் முன்னால் போய், அதே 4 மீட்டர் பின்னால் வந்து, O இலேயே நிற்கும். மொத்தத் தூரம் 8, இடப்பெயர்ச்சி சுழியம். பிறைப் பையன் இதைத் தன் நண்பனுக்கு அனுப்பியபோது, ஜெலுத்தோங்கிலிருந்து வந்த விடைத்தாளில் முதல் வரியாக ஒரு சின்ன வரைபடம் இருந்தது. அச்சுக்குக் கீழே கிண்ணம், அதைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம்.